மளிகைக் கடைகளில் ‘வித்தா காசு’ முறையில் முறுக்கும் இனிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“போட்டுட்டுப் போங்க, வித்தா காசு தர்றேன்”னு கடைக்காரர் சொல்றார். இப்படிக் கொடுத்தா எனக்கு என்ன நிக்கும்?

விற்றதைவிட விற்காமல் திரும்பி வருவதைப் பொறுத்தே லாபம் நிற்கும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு கிலோ அரிசி மாவு, ஒரு கிலோ வறுத்த உளுந்து மாவு, அரைக் கிலோ வெண்ணெய் போட்டுத் தேன்குழல் பிழிந்தால் சுமார் ஆறரைக் கிலோ கிடைக்கும். 200 கிராம் கவரில் போட்டால் 32 பாக்கெட். ஒன்றைச் சாம்பிளாக எடுத்து வைக்கவும், ஒன்றைக் கடைகளில் சுவை பார்க்கக் கொடுக்கவும் ஒதுக்கினால் விற்பனைக்கு 30 பாக்கெட் நிற்கிறது.

விலை 70 ரூபாய், கடைக்காரர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 14, உங்களுக்கு 56. மாவு, எண்ணெய், கேஸ், கவர், லேபிள், உங்கள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டின் அடக்கம் 38 ரூபாய் என்றால், விற்ற ஒவ்வொன்றிலும் 18 ரூபாய் மிஞ்சும். விற்காமல் திரும்பிய ஒவ்வொன்றிலும் 38 ரூபாய் போய்விடும். அதாவது திரும்பி வரும் ஒரு பாக்கெட், விற்ற இரண்டு பாக்கெட்டின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

ஐந்து கடைக்குத் தலா ஆறு பாக்கெட் போட்டீர்கள். பஸ் ஸ்டாப் பக்கமுள்ள இரண்டு கடையில் ஆறும் போனது. தெருவுக்குள் இருக்கும் இரண்டு கடையில் நாலு நாலு போனது. மூலைக் கடையில் இரண்டுதான் போனது. விற்றது 22, திரும்பியது 8. விற்றதில் லாபம் 396 ரூபாய், திரும்பியதில் நஷ்டம் 304 ரூபாய், கையில் நின்றது 92 ரூபாய். முக்கால்வாசி சரக்கு விற்றும் இவ்வளவுதான்.

அப்போ எந்தக் கடைக்கு எவ்வளவு போடணும்னு எப்படி முடிவு பண்றது?

அலமாரியில் எவ்வளவு இடம் தருகிறார் என்பதைப் பார்க்காதீர்கள். நீங்கள் திரும்பிப் போய் எடுக்கும் நாளுக்குள் அந்தக் கடையில் எத்தனை விற்கும் என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் அடுத்த முறை 7, 7, 4, 4, 2 என்று 24 மட்டும் செய்து போடலாம். அதில் ஒன்று திரும்பி வந்தாலும் 23 பாக்கெட்டின் லாபம் 414 ரூபாய், நஷ்டம் 38 போக 376 ரூபாய் நிற்கும். முந்தைய முறையைவிடக் குறைவாகச் செய்து நாலு மடங்கு மிச்சம்.

“ரெண்டே ரெண்டு பாக்கெட்டா? பார்க்க நல்லாயிருக்காதே, ஒரு டஜன் போடுங்க” என்று அண்ணாச்சி சொல்வார். அவருக்குத் திரும்பும் சரக்கில் நஷ்டம் இல்லை, அதனால் சொல்கிறார். “இது சீக்கிரம் தீரட்டும், தீர்ந்தா போன் பண்ணுங்க, மறுநாளே கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி மறுநாள் போய் நிற்கவும் வேண்டும். தீர்ந்த சரக்கைக் கேட்டு வாங்கும் கடைக்காரர் உங்கள் பாக்கெட்டைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பார். தூசி படிந்து தொங்கும் பாக்கெட்டை அவரே ஒதுக்கிவிடுவார்.

பாக்கெட்டில் எத்தனை நாள் தேதி போடலாம்? பக்கத்துக் கடையில மூணு மாசம் போட்டிருக்காங்களே?

மூன்று மாதம் போடும் பெரிய கம்பெனிகள் ஒளியும் காற்றும் புகாத பல அடுக்குக் கவரில் நைட்ரஜன் நிரப்பி அடைக்கின்றன. நம் கையில் இருப்பது சாதாரணக் கவரும் ஹேண்ட் சீலரும். அந்தத் தேதியைப் பார்த்து நாம் போடக் கூடாது.

உங்கள் முறுக்கின் ஆயுளை உங்கள் முறுக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரே நாளில் செய்ததில் ஐந்து பாக்கெட்டை ஒதுக்குங்கள். அவற்றை வீட்டு பீரோவில் வைக்காமல், சரக்கு போகப் போகும் கடையில் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட இடத்தில், வெளிச்சமும் சூடும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். 7, 14, 21, 28, 35 ஆம் நாட்களில் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பிரித்தவுடன் முதலில் முகர்ந்து பாருங்கள், பிறகு உடைத்துப் பாருங்கள், கடைசியாகத் தின்று பாருங்கள். செய்தவர் நாக்கு விட்டுக்கொடுக்கும், அதனால் வேறொருவரையும் தின்னச் சொல்லுங்கள். 28 ஆம் நாள் நன்றாக இருந்து 35 ஆம் நாள் வாடை வந்தால், லேபிளில் 21 நாள் போடுங்கள். கடைக்குக் கடை சூடு மாறும், அதற்கு இந்த இடைவெளி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள், கோடையின் கணக்கு அப்போது பொருந்தாது.

தேதியை எண்ணெயிலிருந்து எடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், கவரில் போட்ட நாளிலிருந்து அல்ல.

அந்த 21 நாளும் கடைக்குச் சொந்தமில்லை. வாங்கிப் போகிறவர் வீட்டில் ஒரு வாரமாவது வைத்துத் தின்ன வேண்டும். ஆகவே கடையில் 14 நாள், வாங்கியவருக்கு 7 நாள் என்று பிரித்துக்கொண்டு, 14 ஆம் நாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நடுவில் எட்டாம் நாள் ஒரு முறை போய் எண்ணிப் பாருங்கள்.

நல்லாத்தான் பொரிக்கிறேன். ஆனா பத்து நாளிலேயே நமத்துப்போகுது. மாவுல கோளாறா?

பெரும்பாலும் மாவில் இல்லை, மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலாவது, உள்ளே ஈரம் மிஞ்சியிருப்பது. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் முறுக்கு சீக்கிரம் சிவந்துவிடும், வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவோம். நிறத்தை நம்பாதீர்கள். எண்ணெயில் சலசலப்பு அடங்க வேண்டும், அந்தக் குமிழி எல்லாம் மாவிலிருந்து வெளியேறும் நீராவிதான். ஆறிய பிறகு சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த இடத்தில் உடையுங்கள். அங்கே மட்டும் நறுக்கென்று உடையாமல் இழுத்தால் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் இரண்டு மூன்று நாளில் முறுக்கு முழுக்கப் பரவிவிடும், எவ்வளவு நல்ல கவரில் போட்டாலும் நமத்துப்போகும்.

இரண்டாவது, சூட்டோடு அடைப்பது. கவரின் உள்பக்கம் பனி பூத்தது போல் இருந்தால் அந்தப் பாக்கெட்டைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் பரப்பி, கையில் சூடு தெரியாத வரை ஆறவிடுங்கள். அதற்காக ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பதும் தவறு. மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் முறுக்கு சில மணி நேரத்திலேயே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பொரித்த அன்றே ஆறவைத்து அன்றே அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, சீல். கவரின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கோ முறுக்குத் தூளோ ஒட்டியிருந்தால் அந்த இடம் உருகி ஒட்டாது, கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் இரண்டு மூன்று பாக்கெட்டை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி மெல்ல அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் அன்று அடைத்ததை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். முக்கிப் பார்த்த பாக்கெட்டை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொறுமொறுப்பு அப்படியே இருக்கு, ஆனா சிக்கு வாடை வருதே?

இது ஈரத்தால் வருவதல்ல. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதால் வருகிறது. வெளிச்சமும் சூடும் அதை வேகப்படுத்தும். கடை வாசலில் கம்பியில் சரமாகத் தொங்கும் கண்ணாடிக் கவருக்கு இரண்டும் கிடைக்கின்றன. சாதாரண பாலித்தீன் கவர் ஈரத்தை ஓரளவு தடுக்கும், காற்றைத் தடுக்காது. அதனால்தான் மொறுமொறுப்பு இருந்தும் வாடை வருகிறது. உள்பக்கம் வெள்ளி போல் மின்னும் கவர் வெளிச்சத்தையும் காற்றையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் விலை கூடும். முறுக்கும் கண்ணுக்குத் தெரியாது. சின்ன அளவில் செய்கிறவருக்கு என் யோசனை: கண்ணாடிக் கவரையே வைத்துக்கொண்டு, மேற்கு வெயில் படாத இடத்தில், முடிந்தால் கடைக்கு உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அந்த இடம் கிடைக்காத கடைக்குப் பாதிப் பாக்கெட்டும் பாதி நாளும் போதும்.

மிச்ச எண்ணெயில் புது எண்ணெய் ஊத்தி அடுத்த தடவைக்குப் பயன்படுத்தலாமா?

வாடையின் தொடக்கமே பல சமயம் இதுதான். கெட ஆரம்பித்த எண்ணெய், அதன் மேல் ஊற்றும் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுத்துவிடும். அந்த எண்ணெய்தான் முறுக்கின் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பொரித்த எண்ணெயில் உருவாகும் கெட்ட பொருட்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதை அளக்கும் மீட்டர் நம்மிடம் இருக்காது. ஆனால் எண்ணெய் அந்த எல்லைக்கு முன்பே அடையாளம் காட்டும்: ஜல்லிக்கரண்டியிலிருந்து சொட்டாமல் கம்பி போல் இழுக்கும், மாவு போட்டதும் சின்னச் சின்ன நுரையாகப் பொங்கி அடங்காமல் நிற்கும், முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெய் முடிந்தது. கடைக்குப் போகும் சரக்குக்கு அன்றன்று புது எண்ணெய் வைத்துப் பிழிவதே நல்லது. வாணலியைச் சின்னதாக வைத்தால் மிஞ்சும் எண்ணெயும் குறையும். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் வீட்டுச் சமையலில் தாளிக்கத் தீர்த்துவிடலாம்.

இனிப்புல எதையெல்லாம் கடைக்குக் கொடுக்கலாம்?

தண்ணீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கெடும். முறுக்கு கெட்டால் ருசிதான் போகும், ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரமுள்ள இனிப்பு கெட்டால் வயிற்றைக் கெடுக்கும். ஆகவே வாடை வரும் வரை வைத்துப் பார்க்கும் சோதனையை இனிப்பில் நம்பக் கூடாது. கெட்டுப்போன பால் இனிப்பு சில நேரம் வாடையே காட்டாது.

வித்தா காசு முறைக்குக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை பொருத்தமானவை. பாகு முற்றியிருந்தால் மூன்று நாலு வாரம் தைரியமாகப் போடலாம். பாகு இளகலாக இருந்தால் கெடுவதற்கு முன்பே பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். முழுக்க நெய்யில் கிளறிய மைசூர்பாகுக்கு நான் இரண்டு வாரத்துக்கு மேல் தேதி போடுவதில்லை. பூந்தி லட்டில் பாகின் ஈரம் இருக்கிறது. அதற்கு ஒரு வாரம், அதையும் ஆர்டர் சொன்ன கடைக்கு மட்டும். ரவா லட்டுக்குப் பால் தெளித்துப் பிடிக்கும் வழக்கம் வீட்டுக்குச் சரி, கடைக்குப் போவதில் நெய் மட்டுமே விட்டுப் பிடியுங்கள்.

அதிரசத்தில் கவனம் வேண்டும். வெளியே எண்ணெய், உள்ளே மெத்தென்ற ஈரம். அடைத்த கவருக்குள் புழுங்கி, ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சை வரும். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் கேட்ட அளவுக்கு மட்டும் கொடுத்து, அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

பால்கோவா, திரட்டுப்பால், தேங்காய் பர்பி மூன்றையும் மளிகைக் கடை அலமாரிக்குக் கொடுக்கவே வேண்டாம். கடையில் பிரிட்ஜ் இருந்தாலும் ராத்திரி பூட்டும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை நீங்கள் காவல் காக்க முடியாது. கேட்பவர்களுக்கு நேரில் செய்து கொடுங்கள்.

திரும்பி வந்த பாக்கெட்டை என்ன பண்றது? இன்னொரு கடையில் போடலாமா?

எட்டாம் நாள் எண்ணிப் பார்க்கப் போகும்போது, ஒரு கடையில் தேங்கியிருப்பதை வேகமாக விற்கும் கடைக்கு மாற்றலாம். அதற்கு மூன்று நிபந்தனை: சீல் கெடாமல் இருக்க வேண்டும், பாதி நாளுக்கு மேல் மிச்சமிருக்க வேண்டும், வெயிலில் தொங்கியதாக இருக்கக் கூடாது. தேதி பழையதே இருக்க வேண்டும். 14 ஆம் நாள் திரும்பி வந்தது எந்தக் கடைக்கும் போகக் கூடாது. தேதி முடியும் முன் வீட்டில் தின்னலாம், வேலைக்கு வருகிறவர்களிடம் தேதியைச் சொல்லிக் கொடுக்கலாம்.

லேபிளைக் கிழித்துப் புதுத் தேதி ஒட்டுவதும், நமத்ததை மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பதும், உடைந்ததைப் பொடித்துப் புது மாவில் கலப்பதும் கூடவே கூடாது. பழைய எண்ணெயின் சிக்கு புது மாவுக்குள் போய்விடும். அதைவிட, தேதியை நம்பி வாங்குகிறவரை ஏமாற்றுவது அது. தேதி முடிந்த பொருளைக் கொடுத்தவர், விற்றவர் இருவரையுமே 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27 ஆவது பிரிவு பொறுப்பாக்குகிறது. கடைக்காரரிடம் இதைச் சொல்லி வையுங்கள், 14 ஆம் நாள் அவரே எடுத்து வைத்திருப்பார்.

கடைக்காரர் பாக்கெட்டைப் பிரிச்சு பாட்டில்ல போட்டு, ஒண்ணு அஞ்சு ரூபாய்னு விக்கிறார். விடலாமா?

விடாதீர்கள். பிரித்த நிமிடமே உங்கள் 21 நாள் தேதி செல்லாது. மண்ணெண்ணெய், சோப்பு, வெங்காயம் தொட்ட கை அந்த பாட்டிலுக்குள் போகும், மூடி பாதி நேரம் திறந்திருக்கும், மேலே புதுசும் அடியில் பழசுமாகக் கலந்துவிடும். பழசைத் தின்றவர் உங்கள் முறுக்கு என்றுதான் சொல்வார். சில்லறையாக விற்பது அவருக்கு வசதி என்றால் இரண்டு மூன்று முறுக்கு உள்ள சின்னப் பாக்கெட்டாக நீங்களே அடைத்துக் கொடுங்கள், லேபிளும் தேதியும் அதிலும் இருக்க வேண்டும். அச்சடித்த செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதற்கும் ஒப்பாதீர்கள், மை எண்ணெயில் ஊறும், உணவை அதில் பொதிய விதியும் அனுமதிப்பதில்லை.

வீட்டு அடுப்படியிலேயே செஞ்சு விக்கலாமா? என்ன பதிவு வேணும், லேபிள்ல என்ன எழுதணும்?

செய்யலாம், பதிவு வேண்டும். ஒரு கடைக்கு ஐந்து பாக்கெட் கொடுத்தாலும் வேண்டும். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் அடிப்படைப் பதிவு இருக்கிறது. foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் வரும். அந்த எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

அதோடு பொருளின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானம், செய்தவர் பெயரும் முகவரியும், நிகர எடை, எம்.ஆர்.பி., பேட்ச் எண், செய்த தேதி, கெடு தேதி, சைவம் என்பதற்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், குறை சொல்ல ஒரு போன் எண். வெண்ணெய் சேர்த்தால் பால் இருக்கிறது என்றும், கடலை மிட்டாய் செய்யும் அதே பாத்திரத்தில் முறுக்கும் செய்தால் வேர்க்கடலை கலந்திருக்கலாம் என்றும் தனியாக எழுதுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிரைக் காக்கும்.

வீட்டில் எவ்வளவு சுத்தம் இருந்தால் போதும்?

பொரிக்கிற சூட்டில் கிருமி செத்துவிடும், பொரித்த பிறகு கை படும் நேரம்தான் ஆபத்து. ஆகவே எடுத்து ஆறவைப்பது, எடை போடுவது, கவரில் போடுவது ஆகிய மூன்று வேலைக்கும் அடுப்படியில் தனி இடமும் தனி நேரமும் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் மீன் கழுவுவதோ குழந்தைக்குச் சோறு ஊட்டுவதோ அதே மேடையில் நடக்கக் கூடாது. மோதிரம், வளையல் கழற்றி, தலையைக் கட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைத்த பிறகு தொடுங்கள். ஈரக் கை முறுக்குக்கும் எதிரி. மாவு பிசையும் தண்ணீரும் உருண்டை பிடிக்கும் தண்ணீரும் குடிக்கும் தண்ணீராகவே இருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கையில் சீழ்ப்புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுங்கள். கடைக்கு “இந்த வாரம் சரக்கு இல்லை” என்று போன் பண்ணினால் போதும், கடைக்காரர் புரிந்துகொள்வார். உருண்டை பிடிக்கும் வேலையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பிடித்த பிறகு அது எந்தச் சூட்டையும் பார்ப்பதில்லை.

ஒருத்தர் வாங்கிட்டுப் போய் “வாடை வருது”ன்னு கடையில திருப்பிக் கொடுத்துட்டார். என்ன செய்யணும்?

முதலில் அவருக்குக் காசு. அதைக் கடைக்காரர் கையிலிருந்து கொடுத்துவிட்டு உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று முன்பே பேசி வையுங்கள். பிறகு பாக்கெட்டின் பேட்ச் எண்ணைப் பாருங்கள். சரக்கு போடும்போது இரட்டைச் சீட்டில் கடை, தேதி, பேட்ச் எண், போட்ட பாக்கெட், பழையது எடுத்தது, வாங்கிய காசு என்று எழுதிக் கடைக்காரர் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தப் பேட்ச் எந்தெந்தக் கடையில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று உடனே தெரியும்.

அடுத்து நீங்கள் ஒதுக்கி வைத்த சாம்பிள் பாக்கெட்டைப் பிரியுங்கள். அது நன்றாக இருந்தால் கோளாறு அந்தக் கடையின் இடத்திலோ, அந்த ஒரு பாக்கெட்டின் சீலிலோ இருக்கிறது. அந்தக் கடையில் மிச்சமுள்ளதை மட்டும் எடுத்து, வைக்கும் இடத்தை மாற்றுங்கள். சாம்பிளிலும் வாடை இருந்தால் எண்ணெயிலோ பொரித்ததிலோ கோளாறு. அன்று மாலைக்குள் ஐந்து கடையிலும் அந்தப் பேட்சை எடுத்துவிட வேண்டும், தேதி எவ்வளவு மிச்சமிருந்தாலும். இனிப்பைப் பற்றிக் குறை வந்தால் சாம்பிளைத் தின்று பார்க்காமலே முழுப் பேட்சையும் எடுத்துவிடுங்கள்.